சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்தவருக்கு மனநல மருந்தின் டோஸை மாற்றுவது எப்படி: மருந்து எழுதுபவருக்கான முழு வழிகாட்டி, அட்டவணையுடன்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான் உட்காரும் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேர் கையில் இரண்டு மாநிலத்துச் சீட்டுகள் இருக்கும். மூட்டுவலிக்குப் பொள்ளாச்சி, பிரஷருக்குப் பாலக்காட்டுச் சித்தூர், மனநல மாத்திரைக்கு இங்கே. மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். இந்த ஊரில் டோஸ் தப்புவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், லேப் ரிப்போர்ட். கிரியாட்டினின் 1.2 என்று இருக்கும், பக்கத்தில் ஸ்டார் இருக்காது. எஸ்ஜிபிடி 41 என்று இருக்கும், அதற்கும் ஸ்டார் இருக்காது. நாமும் கிட்னி சரி, லிவர் சரி என்று பழைய டோஸையே எழுதிவிடுவோம். ஆனால் டோஸைத் தீர்மானிக்கும் எண் அந்த ரிப்போர்ட்டில் அச்சாகி வருவதில்லை. அதை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். இரண்டு நோயாளிகளை வைத்து அந்தக் கணக்கைச் சொல்கிறேன். மருந்துவாரியான அட்டவணை அதற்கு அப்புறம் வரும்.

## முதலில் கேட்க வேண்டியது: இந்த மருந்து எந்த வழியாக வெளியே போகிறது?

மனநல மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரலில் உடைந்துதான் வெளியேறுகின்றன. சில மட்டும் உடையாமல் நேராகச் சிறுநீரில் போகின்றன. லித்தியம், கபாபென்டின், பிரிகாபலின், அகாம்ப்ரோசேட் நான்கும் முழுக்க முழுக்கச் சிறுநீரகத்தை நம்பியவை. அமிசல்பிரைட், பாலிபெரிடோன், பேக்லோஃபென் ஆகியவற்றில் பெரும்பங்கு அந்த வழிதான்.

ரிஸ்பெரிடோன், வென்லாஃபாக்சின் போன்றவை நடுவில் நிற்கின்றன. கல்லீரல் அவற்றை உடைக்கும். ஆனால் உடைந்து வரும் பொருளுக்கும் மருந்தின் வேலை உண்டு, அது சிறுநீரில் போக வேண்டும். அதனால் இவற்றுக்கு எந்த உறுப்பு கெட்டாலும் டோஸ் குறைய வேண்டும்.

## சிறுநீரகத்துக்கு: கிரியாட்டினினைப் பார்க்காதீர்கள், கிளியரன்ஸைக் கணக்கிடுங்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைவாக இருப்பவரிடம் அது குறைவாகத்தான் உருவாகும், அதனால் சிறுநீரகம் பாதி போன பிறகும் எண் அழகாகவே இருக்கும். இங்கே நிலக்கடலைக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் வேலைக்குப் போய் வரும் வயதான பெண்களில் பலர் 50 கிலோவைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கு 1.2 என்பது நல்ல எண் அல்ல.

நான் பயன்படுத்துவது பழைய காக்ராஃப்ட்-கால்ட் கணக்கு:

```
கிளியரன்ஸ் = (140 − வயது) × எடை ÷ (72 × கிரியாட்டினின்)
பெண் என்றால் × 0.85
```

லேப்கள் அச்சடிக்கும் ஈஜிஎஃப்ஆர் ஏன் போதாது? இரண்டு காரணங்கள். மருந்துகளின் டோஸ் வரம்புகளில் பெரும்பாலானவை காக்ராஃப்ட்-கால்ட் எண்ணை வைத்து எழுதப்பட்டவை. அதோடு, ஈஜிஎஃப்ஆர் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ள ஆளுக்குப் பொருத்தி வரும் எண். சின்ன உடம்புக்காரருக்கு அது நிலைமையை நல்லதாகக் காட்டிவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கிரியாட்டினின் நாலைந்து நாளாக நிலையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஏறிக்கொண்டே இருக்கும்போது போட்டால் உண்மையைவிட நல்ல எண்தான் வரும். மிகப் பருமனானவருக்கு முழு எடையைப் போட்டாலும் இதே தவறு நடக்கும். அவருக்குத் திருத்திய எடையைப் போடுங்கள்.

## லித்தியம்: ஒரு நோயாளி, முழுக் கணக்கோடு

62 வயது அம்மா, எடை 48 கிலோ. இருதுருவக் கோளாறுக்குப் பல வருடமாக லித்தியம் 300 மி.கி. மூன்று வேளை. மார்ச் மாதக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருமகள் கூட்டி வந்தார். "அத்தைக்கு ரெண்டு வாரமா கை நடுங்குதுங்க டாக்டர். நடந்தா ஒரு பக்கமா சாயறாங்க. நாலு நாளா வயித்தாலயும் போகுதுங்க."

வெளியே கடையில் வாங்கிய டீ டம்ளரைக் கையில் வைத்திருந்தார். வாய்க்குக் கொண்டு போகும்போது டீ தளும்பி, விளிம்பைத் தாண்டிப் புடவையில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்த பிறகும் கை மணிக்கட்டிலிருந்து ஆடியது. லித்தியம் எடுப்பவர்களிடம் எப்போதும் இருக்கும் மெல்லிய விரல் நடுக்கம் இப்படி இருக்காது. அது கையை நீட்டினால் மட்டும் தெரியும், டீயைக் கொட்ட வைக்காது. பெரிய வீச்சில் ஆடும் நடுக்கம், நடையில் சாய்வு, குழறும் பேச்சு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே, லெவல் வரும்வரை காத்திராமல் அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்துங்கள்.

அப்புறம் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் முன்பு வேறொரு கிளினிக்கில் பிரஷருக்குத் தொடங்கிய டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், மூன்று வாரமாகத் தினம் இரண்டு. பிரஷர் இருப்பதால் சோற்றில் உப்பே போடாமல் சாப்பிடுகிறார் என்று மருமகள் பெருமையாகச் சொன்னார்.

இந்த நான்கும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உப்பு குறைந்தாலும், தயசைடு கொடுத்து உப்பை வெளியேற்றினாலும், சிறுநீரகக் குழாயின் முதல் பகுதி சோடியத்தை அதிகமாகத் திரும்ப இழுக்கும். லித்தியமும் கூடவே வரும். டைக்ளோஃபெனாக்கும் டெல்மிசார்டனும் வடிகட்டும் அழுத்தத்தையே குறைக்கின்றன. வெயிலில் வியர்த்து நீர் வற்றுவது இதற்கு மேல்.

ரத்தம் எடுப்பது. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த லெவலை மட்டும்தான் வழக்கமான வரம்போடு ஒப்பிட முடியும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு 10 மணிக்கு லேபுக்குப் போனால் வரும் எண் பொய்யாக ஏறியிருக்கும். இன்னொன்றும் உண்டு: பச்சை மூடிக் குழாயில் பல சமயம் லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அதில் எடுத்தால் லித்தியமே சாப்பிடாதவருக்கும் லெவல் வரும். சீட்டில் "சாதாரணக் குழாய், 12 மணி நேரம்" என்று நான் எழுதியே அனுப்புவேன். (நச்சு அறிகுறி இருக்கும்போது 12 மணி நேரம் காக்க வேண்டாம். உடனே எடுத்து, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.)

ரிப்போர்ட் வந்தது. லித்தியம் 1.6, கிரியாட்டினின் 1.2. கிரியாட்டினினுக்கு லேப் போட்டிருந்த இயல்பு வரம்பு 0.6 முதல் 1.2 வரை, அதனால் அதற்கு ஸ்டார் இல்லை. கணக்குப் போடுவோம்:

```
(140 − 62) × 48 ÷ (72 × 1.2) × 0.85
= 3744 ÷ 86.4 × 0.85
= 37 மி.லி./நிமிடம்
```

இதே அம்மாவுக்கு 2021ஆம் ஆண்டின் சிகேடி-இபிஐ கணக்கில் ஈஜிஎஃப்ஆர் 51 வரும். ஸ்டார் இல்லாத 1.2, ஓரளவு பரவாயில்லை என்று தோன்றும் 51, நமக்கு வேண்டிய 37 மூன்றும் ஒரே ரத்தத்திலிருந்து வந்தவை. கிரியாட்டினின் இன்னும் ஏறும் கட்டத்தில் இருந்ததால் உண்மை நிலை 37ஐவிடவும் கீழே இருந்திருக்கும்.

அன்றைக்குச் செய்தது. லித்தியம், டைக்ளோஃபெனாக், பிரஷர் மாத்திரை மூன்றையும் நிறுத்தி, அட்மிஷனுக்கு அனுப்பினேன். இசிஜி, சோடியம், பொட்டாசியம் பார்த்து, சலைன் ஏற்றினார்கள். சலைன் ஏற்றும்போது சோடியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். நீண்ட நாள் லித்தியம் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போயிருக்கும். நீரெல்லாம் வெளியே போய், சலைனின் உப்பு உள்ளே தங்கி, சோடியம் அபாயமாக ஏறலாம்.

டயாலிசிஸ் யாருக்கு? லெவல் எவ்வளவாக இருந்தாலும் நினைவு மங்கினால், வலிப்பு வந்தால், உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வந்தால் டயாலிசிஸ்தான். சிறுநீரகம் குறைந்தவரிடம் லெவல் 4ஐத் தாண்டினாலும் அப்படியே. குழப்பமாகப் பேசினாலோ, லெவல் 1க்குக் கீழே இறங்க 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தோன்றினாலோ சிறுநீரக மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். நாள்பட்டு ஏறிய லித்தியத்தில் 1.6 என்பது சின்ன எண்ணும் இல்லை. மருந்து மூளைக்குள் ஏற்கெனவே ஊறியிருக்கும், ரத்த லெவல் இறங்கிய பிறகும் நடை சரியாகப் பல நாள் ஆகும். இந்த அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

திரும்பத் தொடங்கும் டோஸ். பத்து நாளில் கிரியாட்டினின் 1.1இல் நின்றது. கிளியரன்ஸ் 40. இப்போது கணக்கு நம்பத்தக்கது. மற்ற மருந்துகளுக்குப் போகலாமா என்று யோசித்தோம். ஆனால் லித்தியத்துக்கு முன்பு மூன்று முறை அட்மிஷன், லித்தியத்தில் ஒரு முறைகூட இல்லை. சிறுநீரக மருத்துவரிடம் கலந்து பேசி, குறைந்த டோஸில் தொடர முடிவெடுத்தோம்.

லித்தியத்தின் நல்ல குணம், டோஸும் லெவலும் நேர் விகிதத்தில் போகும். இரண்டு வருடம் முன்பு அவர் எடை 50, கிரியாட்டினின் 0.8, அன்றைய கிளியரன்ஸ் 59. அப்போது 900 மி.கி.யில் லெவல் 0.8. இன்று கிளியரன்ஸ் 40. அதே 0.8 வேண்டுமானால் 900 × 40 ÷ 59, அதாவது சுமார் 600 மி.கி. இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தில் எனக்கு 0.8 வேண்டாம், 0.6 போதும். அதற்கு 450 மி.கி. வருகிறது.

ஆனாலும் 450இல் தொடங்கவில்லை. இரவு ஒரே வேளையாக 300. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் மருந்து நிலைபெற ஐந்து நாளுக்கு மேல் ஆகும் என்பதால் எட்டாவது நாள் லெவல் எடுத்தோம், 0.4. கணக்கும் லெவலும் பொருந்தியதால், மெதுவாகக் கரையும் 400 மி.கி. மாத்திரை ஒன்று, இரவில். அடுத்த லெவல் 0.55. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். மூன்று வேளையாகக் கொடுத்ததை இரவு ஒரே வேளைக்கு மாற்றினால் மறுநாள் காலை 12 மணி நேர லெவல் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற்றப்பட்டு டோஸை இன்னும் இறக்க வேண்டாம்.

பிரஷருக்கு அம்லோடிபின், வலிக்குப் பாராசிட்டமால் என்று மாறியது. கிளியரன்ஸ் 30க்குக் கீழே போனால் லித்தியத்தைத் தவிர்க்க வேண்டும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை லெவலும் கிரியாட்டினினும், வெயில் காலத்தில் கூடுதலாக ஒரு முறை.

## கல்லீரலுக்கு: எஸ்ஜிபிடியை விடுங்கள், ஐந்து கேள்வி கேளுங்கள்

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல் உடைவதைக் காட்டுபவை. மீதி இருக்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை. சுருங்கிப் போன கல்லீரலில் உடைய செல்லே மிச்சமில்லாததால் எஸ்ஜிபிடி இயல்பாக வரும். டோஸுக்கு வேண்டியது சைல்டு-பியூ மதிப்பெண்:

| | 1 மதிப்பெண் | 2 | 3 |
|---|---|---|---|
| பிலிருபின் (மி.கி./டெ.லி.) | 2க்குக் கீழ் | 2–3 | 3க்கு மேல் |
| அல்புமின் (கி./டெ.லி.) | 3.5க்கு மேல் | 2.8–3.5 | 2.8க்குக் கீழ் |
| ஐஎன்ஆர் | 1.7க்குக் கீழ் | 1.7–2.3 | 2.3க்கு மேல் |
| வயிற்றில் நீர் | இல்லை | கொஞ்சம் | நிறைய |
| கல்லீரலால் வரும் மூளைக் குழப்பம் | இல்லை | 1–2ஆம் நிலை | 3–4ஆம் நிலை |

கூட்டினால் 5–6 ஏ வகுப்பு, 7–9 பி, 10–15 சி.

சித்தூர் கள்ளுக்குப் பேர் போன ஊர். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, இங்கே ஷாப் திறந்திருக்கிறது. வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். 46 வயதுக்காரர் ஒருவரை மனைவியும் அண்ணனும் தூக்காத குறையாகக் கொண்டு வந்தார்கள். நாலு நாள் முன்பு குடியை நிறுத்த ஓரிடத்தில் குளோர்டயசெபாக்சைடு 25 மி.கி. காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு இரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் நடுக்கம் அடங்கியது. இரண்டாம் நாள் தூங்கினார். நான்காம் நாள் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. "எஸ்ஜிபிடி நார்மல்னு சொன்னாங்களே டாக்டர்" என்று மனைவி ரிப்போர்ட்டை நீட்டினார். எஸ்ஜிபிடி 41. அதற்கு மேல் வரியில் எஸ்ஜிஓடி 88. கீழே பிலிருபின் 3.4, அல்புமின் 2.6. ஐஎன்ஆர் எடுக்கவே இல்லை. எடுத்தோம், 1.8. வயிற்றில் கொஞ்சம் நீர்.

மருந்து தொடங்குமுன் அவர் தெளிவாகப் பேசியிருக்கிறார் என்று வீட்டார் சொன்னதை வைத்துப் பார்த்தால், அன்றைய மதிப்பெண் 3 + 3 + 2 + 2 + 1 = 11. சி வகுப்பு. குளோர்டயசெபாக்சைடும் டயசெபாமும் கல்லீரலில் ஆக்சிகரணம் ஆகிப் போக வேண்டியவை. கெட்ட கல்லீரலில் முதலில் படுத்துப் போவது அந்த வேலைதான். டயசெபாம் உடலில் தங்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். இரண்டிலிருந்தும் உருவாகும் டெஸ்மெத்தில்டயசெபாமும் தூக்கம் தருவது, அதுவும் வெளியேறாமல் ஏறிக்கொண்டே போகும். நாலு நாள் சேர்ந்த மருந்துதான் அவரைப் படுக்க வைத்தது, கூடவே கல்லீரல் குழப்பத்தையும் கிளப்பிவிட்டது.

லோராசெபாமும் ஆக்சாசெபாமும் குளுக்குரோனைடு சேர்க்கையால் மட்டுமே போகின்றன. அந்த வேலை சிரோசிஸிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வேலை செய்யும் வேறு பொருளும் அவற்றிலிருந்து உருவாவதில்லை. இவருக்கு முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியது லோராசெபாம் 1 மி.கி. வாய்வழி. ஒவ்வொரு நாலு மணி நேரமும், குடி நிறுத்திய அறிகுறிகளை அளக்கும் சிவா அட்டவணையில் மதிப்பெண் போட்டு, தேவை இருந்தால் மட்டும் அடுத்த டோஸ். மயக்கம் தெரிந்தால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும். இத்தனை மாத்திரை, இத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் முறை சி வகுப்பில் ஆகாது. குளுக்கோஸுக்கு முன்பு தயமின் ஊசி, மலச்சிக்கல் வராமல் லாக்டுலோஸ்.

இங்கே ஒரு நடுக்கத்தை இன்னொன்றாக எண்ணி ஏமாறலாம். கையை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். குடி நிறுத்திய நடுக்கம் வேகமாக, இடைவிடாமல் இருக்கும். ஆளும் வியர்த்து, படபடப்பாக இருப்பார். கல்லீரல் குழப்பத்தில் கை விட்டுவிட்டுச் சட்டென்று கீழே விழுந்து மேலே வரும், ஆள் மந்தமாக இருப்பார். பின்னதைப் பார்த்து லோராசெபாம் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இந்த நோயாளியிடம் ஒரு கண்ணி மிச்சம் இருந்தது. அவர் கிரியாட்டினின் 0.7. கல்லீரல் கெட்டவரிடம் கிரியாட்டினினுக்கான மூலப்பொருளே குறைவாக உருவாகிறது, தசையும் கரைந்திருக்கிறது. எடையில் கொஞ்சம் வயிற்று நீர். அதனால் சிரோசிஸில் காக்ராஃப்ட்-கால்ட் எண் எப்போதும் நல்லதாகப் பொய் சொல்லும். வந்த எண்ணைவிட ஒரு படி கீழே இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்வேன். குடிக்குத் திரும்பாமல் இருக்க இவருக்கு பேக்லோஃபென் யோசித்தபோது இது முக்கியமானது. சிரோசிஸ் உள்ளவர்களிடம் பேக்லோஃபென் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து, 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி 10 மி.கி. மூன்று வேளை வரை. ஆனால் அது சிறுநீரகம் வழியாகப் போவது, கல்லீரல் குழப்பம் இருக்கும்போது கொடுக்கவே கூடாது. குழப்பம் முழுக்கத் தெளிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்கினோம். டைசல்ஃபிராமை அவரிடம் நினைத்தும் பார்க்கக் கூடாது, அதுவே கல்லீரலைக் கொல்லக்கூடியது.

## அட்டவணை

பெரியவர்களுக்கான வாய்வழி டோஸ். சிறுநீரகப் பத்தியில் உள்ள எண்கள் காக்ராஃப்ட்-கால்ட் கிளியரன்ஸ், மி.லி./நிமிடம். கல்லீரல் பத்தியில் ஏ, பி, சி என்பது சைல்டு-பியூ வகுப்பு. இரண்டு உறுப்பும் கெட்டிருந்தால் இரண்டு பத்தியில் எது கடுமையானதோ அதை எடுங்கள்.

| மருந்து | சிறுநீரகம் | கல்லீரல் |
|---|---|---|
| லித்தியம் | 30–89: குறைந்த டோஸ், லெவல் பார்த்து மெதுவாக. 30க்குக் கீழ்: தவிர்க்க | மாற்றம் இல்லை. வயிற்று நீருக்கு டையூரெட்டிக் எடுப்பவரிடம் லெவல் ஆடும் |
| வேல்ப்ரோயேட் | டோஸ் பொதுவாக மாறாது. மொத்த லெவல் குறைவாகக் காட்டும், கட்டற்ற பங்கு கூடியிருக்கும் | தவிர்க்க |
| லாமோட்ரிஜின் | கடுமையான குறைவில் தொடர் டோஸைக் குறைக்க | பி, நீர் இல்லாத சி: 25% குறைக்க. நீர் உள்ள சி: 50% |
| ரிஸ்பெரிடோன் | 30க்குக் கீழ்: 0.5 மி.கி. இரு வேளை, 0.5 மி.கி. படிகளில் மட்டும் ஏற்ற | சி: அதே |
| பாலிபெரிடோன் | 50–79: தொடக்கம் 3, உச்சம் 6 மி.கி. 10–49: தொடக்கம் 1.5, உச்சம் 3. 10க்குக் கீழ்: வேண்டாம் | ஏ, பி: மாற்றம் இல்லை |
| அமிசல்பிரைட் | 30–60: பாதி. 10–30: மூன்றில் ஒன்று. 10க்குக் கீழ்: தவிர்க்க | மாற்றம் இல்லை |
| ஒலன்சபைன் | மாற்றம் இல்லை | 5 மி.கி.யில் தொடங்கி மெதுவாக |
| குவெட்டியாபைன் | மாற்றம் இல்லை | தொடக்கம் 25 மி.கி., நாளுக்கு 25–50 ஏற்ற |
| அரிப்பிப்ரசோல் | மாற்றம் இல்லை | மாற்றம் இல்லை. சி: கவனத்துடன் |
| எஸ்சிட்டாலோபிராம் | கடுமையான குறைவில் கவனம் | உச்சம் 10 மி.கி. |
| செர்ட்ராலின் | மாற்றம் இல்லை | ஏ: பாதி. பி, சி: வேண்டாம் |
| மிர்டசாபைன் | 40க்குக் கீழ் வெளியேற்றம் சுமார் 30% குறையும், 10க்குக் கீழ் பாதியாகும். 7.5 மி.கி.யில் தொடங்க | வெளியேற்றம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும், 7.5 மி.கி.யில் தொடங்க |
| வென்லாஃபாக்சின் | 30–89: 25–50% குறைக்க. 30க்குக் கீழ், டயாலிசிஸ்: பாதி அல்லது அதற்கும் கீழ் | ஏ, பி: பாதி. சி: பாதிக்கும் கீழ் |
| டெஸ்வென்லாஃபாக்சின் | 30–50: உச்சம் 50 மி.கி. 30க்குக் கீழ்: தினம் 25 அல்லது ஒரு நாள் விட்டு 50 | பி, சி: 50 மி.கி., உச்சம் 100 |
| டுலோக்செட்டின் | 30க்குக் கீழ்: தவிர்க்க | எந்த நாள்பட்ட கல்லீரல் நோயிலும் தவிர்க்க |
| லோராசெபாம், ஆக்சாசெபாம் | குறைந்த டோஸ், மயக்கம் பார்த்து | தேவைப்பட்டால் இவைதான், குறைந்த டோஸ் |
| டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு | குறைந்த டோஸ் | பி, சி: தவிர்க்க |
| பிரிகாபலின் (நாள் மொத்தம்) | 30–60: 75–300 மி.கி. 15–30: 25–150. 15க்குக் கீழ்: 25–75 | மாற்றம் இல்லை |
| கபாபென்டின் (நாள் மொத்தம்) | 30–59: 400–1400 மி.கி. 15–29: 200–700. 15க்குக் கீழ்: 100–300 | மாற்றம் இல்லை |
| அகாம்ப்ரோசேட் | 30–50: 333 மி.கி. மூன்று வேளை. 30க்குக் கீழ்: கூடாது | ஏ, பி: மாற்றம் இல்லை |
| பேக்லோஃபென் | 60க்குக் கீழ் டோஸ் குறைக்க, 30க்குக் கீழ் தவிர்க்க | மூளைக் குழப்பம் இருந்தால் கூடாது |

அட்டவணையில் இரண்டு வரிகளைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

வேல்ப்ரோயேட் பெரும்பாலும் அல்புமினோடு ஒட்டிக்கொண்டு போவது. சிறுநீரக நோயில் அந்தப் பிடிப்பு தளரும். லேப் தரும் மொத்த லெவல் 45 என்று வந்து, குறைவு என்று நாம் டோஸை ஏற்றினால், மூளையில் வேலை செய்யும் கட்டற்ற பங்கு அதற்குள் நச்சு அளவைத் தொட்டிருக்கும். ஆள் மந்தமாக, வாந்தியோடு வந்து, லெவல் மட்டும் குறைவாக இருந்தால் எண்ணை நம்பாதீர்கள். ஆளைப் பாருங்கள், அமோனியாவும் எடுங்கள்.

பிரிகாபலினைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு இரண்டு பக்கத்திலும் தாராளமாக எழுதுகிறார்கள், அந்தச் சர்க்கரையே சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருக்கிறது. கிளியரன்ஸ் 25 உள்ளவருக்கு 75 மி.கி. இரு வேளை என்பதே உச்ச வரம்பு. அதில் நான் குவெட்டியாபைன் சேர்த்தால் இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் விழுவார். புதிதாகத் தடுமாற்றமோ கை கால் திடீரென்று வெட்டி இழுப்பதோ வந்தால், மனநல மருந்தைச் சந்தேகிக்கும் முன்பு பிரிகாபலினைத் தேடுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு விஷயம் போதும்: லித்தியம், பிரிகாபலின், கபாபென்டின் மூன்றும் டயாலிசிஸில் கழுவப்பட்டுப் போகும், அதனால் அன்றைய டோஸ் டயாலிசிஸ் முடிந்த பிறகுதான். லித்தியம் என்றால் டயாலிசிஸ் நாட்களில் மட்டும் ஒரு டோஸ், அடுத்த டயாலிசிஸுக்கு முன்பு லெவல், சிறுநீரக மருத்துவர் கூடவே இருந்து. தனியாகச் செய்யும் வேலையல்ல இது.

## எழுதிய பிறகு

டோஸை மாற்றிய அன்று நான் மூன்று தேதிகளைச் சீட்டிலேயே எழுதுவேன்: அடுத்த ரத்தம், அடுத்த வருகை, கணக்கைத் திரும்பப் போடும் நாள். தளர்ந்த உறுப்பில் மருந்து நிலைபெற வழக்கத்தைவிட நாள் ஆகும். மூன்றாம் நாள் "குறையவில்லை" என்று ஏற்றிய டோஸ் பத்தாம் நாள்தான் முழு முகத்தைக் காட்டும். ஆகவே ஏற்றுவதென்றால் வழக்கமான இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

அப்புறம், லித்தியம் எடுப்பவர் கையில் ஒரு சின்ன அட்டை. கொழிஞ்சாம்பாறை அம்மாவின் அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "லித்தியம் சாப்பிடுகிறேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். பிரஷர் மாத்திரை மாற்றுமுன் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். வாந்தி, பேதி வந்தால் அன்று லித்தியம் வேண்டாம்." போன வாரம் அந்த அம்மா பல் வலிக்கு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரப் பையன் அட்டையைப் படித்துவிட்டு, எடுத்த டைக்ளோஃபெனாக்கைத் திரும்ப உள்ளே வைத்து எனக்கு ஃபோன் செய்தான்.